ஒரு பேப்பரில் கொஞ்சம் குறைந்தால் மற்றவை தாங்கலாமா? ஈடுகட்டும் விதி பற்றிய கேள்விகள்

நான்கு எழுத்துத் தேர்வில் மூன்றில் நல்ல மார்க், ஒன்றில் மட்டும் 37. ஈடுகட்டும் விதிப்படி, மற்றப் பாடங்களின் பலத்தை வைத்து அந்த மாணவரைப் பாஸ் போடலாம் என்கிறீர்கள். 40 என்று கோடு போட்ட பிறகு அதைத் தாண்டாதவரை எப்படி விடுவது?

கோடு 40-இல் இருக்கிறது, சரி. 37 என்ற எண் எவ்வளவு உறுதியானது என்று முதலில் பார்ப்போம். அதே விடைத்தாளை இன்னொரு ஆசிரியர் திருத்தினால் 41 வரலாம், 34-ம் வரலாம். அதே பாடத்தில் வேறு கேள்வித்தாள் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஆடியிருக்கும். திருத்தும் முகாமில் உட்கார்ந்த எவருக்கும் இது தெரியும். காலையில் எடுத்த முதல் கட்டுக்கும் சாயங்காலம் முடிக்கும் கடைசிக் கட்டுக்கும் ஒரே கை ஒரே மாதிரி மார்க் போடுவதில்லை.

ஒரு பேப்பரை மட்டும் பார்த்தால் இந்த ஆட்டம் சின்ன விஷயமாகத் தெரியும். எல்லாப் பேப்பரிலும் தனித்தனியாக 40 வாங்க வேண்டும் என்னும்போதுதான் அது பெருகுகிறது. ஒரு மாணவரின் உண்மையான தரம் நான்கு பாடத்திலும் 46 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பேப்பரிலும் அவர் மார்க் 4.5 என்ற திட்ட விலக்கத்தோடு மேலும் கீழும் ஆடுகிறது. ஒரு பேப்பரில் அவர் 40-க்குக் கீழே விழும் வாய்ப்பு நூற்றுக்கு 9 தான். ஆனால் ஒரு பேப்பரின் அதிர்ஷ்டம் இன்னொன்றைத் தொடாது என்று எடுத்துக்கொண்டால், நான்கையும் ஒரே முறையில் தாண்டுபவர்கள் நூற்றுக்கு 68 பேர்தான். மீதி 32 பேருக்கு ஏதோ ஒரு அரியர் விழும். அத்தனை பேரும் எல்லாப் பாடத்திலும் பாஸ் தரத்துக்கு மேலே உள்ளவர்கள். ஈடுகட்டும் விதி முதலில் இவர்களுக்காகத்தான்.

இது கிரேஸ் மார்க்குக்கு வேறு பெயர்தானே?

இரண்டும் வேறு. கிரேஸ் மார்க் போட்டால் 37 என்பது 40 ஆகிவிடுகிறது. யார் கேட்டாலும் அவர் 40 வாங்கினார் என்றுதான் தாள் சொல்லும். ஈடுகட்டும் விதியில் 37 என்பது 37 ஆகவே நிற்கிறது. மற்றப் பாடங்களில் காட்டிய பலத்தை வைத்து, அந்த ஆண்டின் மொத்த முடிவு மட்டும் தேர்ச்சி ஆகிறது.

மூன்றாவதாக இன்னொரு வழக்கமும் உண்டு. மற்றப் பாடங்களில் என்ன வாங்கினார் என்று பார்க்காமலே, ‘பரவாயில்லை, இந்த ஒரு பேப்பரை விட்டுவிடுவோம்’ என்று மன்னித்துவிடுவது. நம் ஊரில் வருகைப்பதிவு குறைந்தால் பணம் கட்டிக் கண்டோனேஷன் வாங்குவது போல. பிரிட்டனின் பொறியியல் கவுன்சில், தன் அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்புகளுக்கு வைத்திருக்கும் விதியில் இந்த இரண்டையும் பிரித்தே சொல்கிறது. ஈடுகட்டுவதை அளவோடு அனுமதிக்கிறது, மன்னித்துவிடுவதை அனுமதிப்பதே இல்லை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஈடு என்றால் எதிர்த்தட்டில் ஏதாவது இருக்க வேண்டும்.

ஒரு கல்லூரியில் மாடரேஷன், கிரேஸ், ஈடுகட்டல் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் 30 வாங்கியவர் கூடத் தேறிவிடுவார். அதனால் வரிசையை எழுதி வையுங்கள். கேள்வித்தாள் கடினமாக இருந்ததற்கான மாடரேஷன் எல்லாருக்கும் பொதுவாக முதலில் முடிய வேண்டும். அதன்பின் ஈடுகட்டும் விதி. இந்த விதி வந்த பிறகு தனி மாணவருக்குக் கிரேஸ் மார்க் கிடையாது.

சி.ஏ. தேர்வில் என் தம்பி மூன்று பேப்பரிலும் 49 வாங்கி ஃபெயில். அவன் நண்பன் 41, 44, 66 வாங்கிப் பாஸ். இது என்ன கணக்கு?

ஈடுகட்டும் விதிக்கு நம் நாட்டில் பலரும் அறிந்த உதாரணம் இதுதான். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் விதிப்படி ஒரு குரூப் தேற இரண்டு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இன்டர்மீடியட்டில் ஒரு குரூப்புக்கு மூன்று பேப்பர், 300 மார்க். ஆக 150 வேண்டும். உங்கள் தம்பியின் மொத்தம் 147. நண்பனின் மொத்தம் 151.

இங்கே 40 என்பதைப் பாஸ் மார்க் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அங்கேதான் குழப்பம் வருகிறது. அது கீழ் எல்லை. அதற்குக் கீழே போனதை எந்தப் பலத்தாலும் ஈடுகட்ட முடியாது. 38, 42, 71 வாங்கியவரின் மொத்தமும் 151 தான், ஆனாலும் அவர் தேறமாட்டார். 40-க்கும் 50-க்கும் நடுவே உள்ள பத்து மார்க்தான் ஈடுகட்டக் கூடிய இடம். அந்த இடத்தில் ஒரு பேப்பர் விழுந்தால், இன்னொரு பேப்பர் 50-க்கு மேலே அதே அளவு எழும்ப வேண்டும். நண்பனுக்கு 41-இலும் 44-இலும் சேர்த்து 15 குறைகிறது, 66 கொடுப்பது 16. ஒரு மார்க் மிச்சம். தம்பிக்கு மூன்று பேப்பரிலும் ஒவ்வொன்று குறைகிறது, கொடுக்க யாரும் இல்லை.

இரண்டு குரூப்பையும் ஒரே முறையில் எழுதுபவர்களுக்கு ஈடு குரூப்பைத் தாண்டியும் போகும். எல்லாப் பேப்பரிலும் 40 இருந்து, ஒரு குரூப்பில் 140-ம் இன்னொன்றில் 162-ம் வந்தால், மொத்தம் 302, தேவை 300. இரண்டு குரூப்பும் தேறிவிடும். சி.ஏ. மாணவர்கள் இதை ‘செட் ஆஃப்’ என்பார்கள். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதலாமா என்று அவர்கள் யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்திருக்கிறது. பாஸ் மார்க் 40. கீழ் எல்லையை 35-இல் வைப்பதா, 30-இல் வைப்பதா என்று வாக்குவாதம். எப்படி முடிவு செய்வது?

ஓட்டெடுப்பில் முடிவு செய்யாதீர்கள். அளந்து பாருங்கள், இரண்டு நாள் வேலைதான்.

போன ஆண்டு விடைத்தாள்களில் ஒரு பாடத்துக்கு 60 எடுங்கள், 25 முதல் 60 வரை மார்க் உள்ளவையாக. முதல் திருத்தத்தின் மார்க் தெரியாதபடி மறைத்து நகல் எடுத்து, அதே பாடம் நடத்தும் இன்னொருவரிடம் கொடுங்கள். நகல் எடுப்பது முக்கியம். சிவப்பு மை கண்ணில் பட்டால் இரண்டாவது ஆளின் கை முதல் ஆளைத்தான் பின்தொடரும். இரண்டு மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தை, கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு பத்தியில் எழுதி, அதன் திட்ட விலக்கத்தைக் கண்டுபிடியுங்கள். அதை 1.414-ஆல் வகுத்தால் ஒரு ஆள் திருத்துவதில் உள்ள ஆட்டம் வரும். வகுப்பதற்குக் காரணம், வித்தியாசத்தில் இரண்டு பேரின் ஆட்டமும் கலந்திருக்கிறது. வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 6.4 என்று வந்தால் ஒரு ஆளின் ஆட்டம் சுமார் 4.5.

இந்த எண் கையில் வந்ததும் வாக்குவாதம் அடங்கிவிடும். 36 என்பது 40-க்கு ஒரு ஆட்ட அளவுக்குள் இருக்கிறது. அது உண்மையில் 40 தரத்து விடைத்தாளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 35-ம் ஏறக்குறைய அப்படித்தான். 30 என்பது இரண்டு அளவுக்கும் மேலே தள்ளி நிற்கிறது. அதைத் திருத்தியவரின் கை என்று சொல்ல முடியாது, அந்த மாணவருக்கு அந்தப் பாடம் வரவில்லை. ஆகவே இந்தக் கல்லூரிக்கு 35.

கேள்வித்தாளின் அதிர்ஷ்டம் இந்த அளவில் வராது என்று ஒருவர் சொல்வார். சரிதான், உண்மையான ஆட்டம் 4.5-ஐ விடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதைச் சொல்லி இன்னும் ஒன்றிரண்டு மார்க் கீழே போகலாம். பிரிட்டனின் பொறியியல் கவுன்சில் பாஸ் மார்க்குக்குப் பத்து மார்க் கீழே வரை விடுகிறது. அங்கே ஒரு பாடத்தின் மார்க் பெரும்பாலும் பல தேர்வுகளும் ஒப்படைப்புகளும் சேர்ந்து வருவது. எண்ணை மட்டும் இங்கே எடுத்து ஒட்டவேண்டாம். உங்கள் விடைத்தாள் உங்களுக்குச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கீழ் எல்லை 35. மேலே எவ்வளவு பலம் கேட்பது? சி.ஏ. போல 50 சராசரி கேட்கலாமா?

சி.ஏ. விதியில் 50 சராசரி எல்லாருக்கும் பொது. உங்கள் கல்லூரியில் எல்லாப் பேப்பரிலும் 40 வாங்கியவர் எந்தச் சராசரியும் இல்லாமல் பாஸ். அவருக்குப் பக்கத்தில் 38 வாங்கிய ஒருவரிடம் 50 கேட்டால், இரண்டு மார்க் குறைவுக்கு நாற்பது மார்க் அபராதம் போடுவது போல ஆகும்.

இதற்கும் அதே 4.5 உதவும். ஒரு பேப்பரின் ஆட்டம் 4.5 என்றால் நான்கு பேப்பரின் சராசரியின் ஆட்டம் அதில் பாதி, 2.25. நான்கு மடங்கு சான்று இருந்தால் ஆட்டம் பாதியாகும், அவ்வளவுதான் கணக்கு. சராசரி 45 இருக்கும் மாணவர் 40-க்கு இரண்டு ஆட்ட அளவுக்கும் மேலே நிற்கிறார். மொத்தத்தில் அவர் பாஸ் தரத்தில் இருக்கிறார் என்று நம்பிச் சொல்லலாம். 42 சராசரி வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அதனால் என் பரிந்துரை 45. குறைந்த பேப்பரையும் சேர்த்தே சராசரி எடுக்க வேண்டும்.

இன்னொரு முறை, குறைந்த மார்க்குக்கு இரட்டிப்பாக வேறு பாடத்தில் இருக்க வேண்டும் என்று வைப்பது. 37-க்கு மூன்று குறைகிறது, எனவே வேறு பாடங்களில் 40-க்கு மேலே ஆறு. எளிதாகத் தெரியும், மாணவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் 37, 40, 40, 46 வாங்கியவர் இதில் தேறிவிடுவார். இவர் எங்கே பலமாக இருக்கிறார்? எல்லாமே விளிம்பு. ஒரே பேப்பர் ஆறு மார்க் எழும்பியது என்பதும் ஆட்டத்துக்குள்தான் வருகிறது. அதனால்தான் சராசரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

எங்கள் ஆண்டில் நான்கு எழுத்துத் தேர்வும் ஒரு புராஜெக்டும் உண்டு. சராசரியில் புராஜெக்டையும் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். நல்ல நோக்கத்தோடு எழுதிய விதிகள் கெட்டுப்போவதை நான் அதிகம் பார்த்தது இந்த இடத்தில்தான்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் எழுத்தில் 36, 41, 43, 40 வாங்கினார், புராஜெக்டில் 92. இரண்டாமவர் எழுத்தில் 36, 47, 51, 49 வாங்கினார், புராஜெக்டில் 60. ஐந்தையும் சேர்த்துச் சராசரி 50 வேண்டும் என்று விதி இருந்தால், முதலாமவருக்கு 252, சராசரி 50.4, பாஸ். இரண்டாமவருக்கு 243, சராசரி 48.6, அரியர். எழுத்தை மட்டும் பார்த்தால் முதலாமவரின் சராசரி 40, இரண்டாமவரின் சராசரி 45.75. விதி தலைகீழாக வேலை செய்திருக்கிறது.

காரணம் புராஜெக்ட் மார்க்கின் குணம். பெரும்பாலான துறைகளில் புராஜெக்டுக்கும் லேபுக்கும் 85, 90, 95 என்று போடுவது வழக்கமாகிவிட்டது. வகுப்பில் எல்லாரும் 85-க்கு மேலே என்றால் அந்த 92 பலம் ஆகாது. யார் பக்கத்திலும் அந்தத் தட்டு இறங்கியே இருக்கும். எந்த மார்க் ஈடு கொடுக்கலாம் என்பதற்கு நான் வைக்கும் சோதனை, அந்தப் பாடத்தில் மார்க்குகள் பரந்து கிடக்கின்றனவா என்பது. போன மூன்று ஆண்டுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பாடத்திலும் நடு மாணவர் வாங்கிய மார்க்கைப் பாருங்கள். எழுத்தில் 52, புராஜெக்டில் 90 என்று இருந்தால் இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது. அதே காரணத்துக்காக, ஒரு பேப்பருக்குள் இன்டர்னல் மார்க் மட்டும் பொங்கியிருந்தால், எழுதிய தேர்வுக்கென்று தனியாக ஒரு குறைந்தபட்சம் வைப்பதும் நல்லது.

புராஜெக்டில் குறைந்தால் எழுத்துப் பாடங்கள் தாங்கலாமா? எந்தப் பாடத்தை இந்த விதிக்கு வெளியே வைப்பது?

புராஜெக்டை எதுவும் தாங்கக் கூடாது. பொறியியல் கவுன்சிலும் பெரிய தனிப் புராஜெக்டையும் குழுப் புராஜெக்டையும் ஈடுகட்டலுக்கு வெளியே வைத்திருக்கிறது. ஏனென்றால் அந்த மாணவர் தானாக ஒரு வேலையை முடிப்பாரா என்பதற்கு வேறு எந்தப் பேப்பரும் சாட்சி சொல்லாது. கணிதத்தில் 80 வாங்கியதால் புராஜெக்ட் செய்திருப்பார் என்று சொல்ல முடியுமா?

மற்றப் பாடங்களுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். இதில் அவர் கற்க வேண்டியதை வேறு எந்தப் பாடமாவது சோதிக்கிறதா? செவிலியர் படிப்பில் மருந்தின் அளவைக் கணக்கிடுவது ஒரே ஒரு பாடத்தில்தான் வருகிறது என்றால், அதற்கு ஈடு கிடையாது. அடுத்த ஆண்டுப் பாடம் அப்படியே இதன்மேல் ஏறி நிற்கிறது என்றாலும் யோசிக்க வேண்டும். ஈடுகட்டித் தேறியவர் அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தில் தடுமாறுவார்.

ஆனால் இந்தப் பட்டியல் நீளக் கூடாது. துறைக்கூட்டத்தில் கேட்டால் ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடம்தான் அடிப்படை என்பார். எல்லாப் பாடத்தையும் வெளியே வைத்தால் விதி காகிதத்தில் மட்டும் இருக்கும். நெதர்லாந்தின் மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வில் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். அங்கே பத்துக்கு மார்க், 6 வாங்கினால் போதும். 4-க்குக் கீழே போனால் ஈடே இல்லை. இரண்டு பாடத்தில் 5 வாங்கினாலும், மற்றவை 6-ம் அதற்கு மேலும் இருந்து, மொத்தச் சராசரி 6 வந்தால் தேறலாம். ஆனால் டச்சு, ஆங்கிலம், கணிதம் மூன்றிலும் சேர்த்து ஒரே ஒரு 5 தான் இருக்கலாம். டச்சில் 5, கணிதத்தில் 5 என்றால் மற்றதில் என்ன வாங்கியிருந்தாலும் தேற முடியாது. அடிப்படைப் பாடத்தை முழுதாகப் பூட்டிவைக்காமல், அவற்றுக்குள் ஒரு சறுக்கலை மட்டும் பொறுக்கும் ஏற்பாடு. மூன்று நான்கு பாடத்தை அடிப்படை என்று பிடிவாதம் பிடிக்கும் துறைகளுக்கு இதைத்தான் காட்டுவேன்.

எத்தனை பேப்பருக்கு இந்தச் சலுகை? படிப்பு முழுவதற்கும் கணக்கு வைக்க வேண்டுமா?

ஆண்டுக்கு ஒன்று. மூன்றாண்டுப் படிப்பு முழுவதற்கும் இரண்டு. பொறியியல் கவுன்சில் இளநிலைப் பட்டத்துக்கு 30 கிரெடிட் வரை விடுகிறது. இங்கிலாந்தில் இளநிலைப் பட்டம் 360 கிரெடிட். பன்னிரண்டில் ஒரு பங்கு. உங்கள் படிப்பில் மூன்றாண்டுக்குப் பன்னிரண்டு எழுத்துத் தேர்வு என்றால் இரண்டு என்பது அதைவிடத் தாராளம், மூன்று ரொம்ப அதிகம்.

ஈடு அதே ஆண்டு எழுதிய பேப்பர்களுக்குள்தான் நடக்க வேண்டும். முதல் ஆண்டில் விழுந்ததை மூன்றாம் ஆண்டு மார்க் தூக்கலாம் என்று விட்டால், பையன் அரியரை எழுதாமல் கடைசிவரை காத்திருப்பான். கடைசியில் கிடைக்கவில்லை என்றால் மூன்று ஆண்டுப் பாக்கி ஒரே நாளில் தலையில் விழும்.

முதல் முறை எழுதியதற்கு மட்டுமா, அரியர் எழுதிய பிறகும் உண்டா? மாணவர் வேண்டாம் என்றால்?

முதல் முறை முடிவு வரும்போதே, யாரும் மனு கொடுக்காமல், தானாக நடக்க வேண்டும். மனு கேட்டால் அலுவலகத்துக்கு வந்து கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பெண்ணுக்குக் கிடைக்காமல் போகும். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே மார்க், ஒரே வகுப்பு, ஒருத்தி தேறினாள், இன்னொருத்தி அடுத்த ஆண்டு மறுபடி பணம் கட்டினாள்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கட்டும். அந்தப் பாடத்தில் மேற்படிப்புக்குப் போக நினைப்பவருக்கு 37 என்ற எண் பிடிக்காது. அவர் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் மறுபடி எழுதலாம். மறுபடி எழுதிய மார்க் எதுவோ அதுதான் நிற்கும், 37-க்குத் திரும்ப முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

தேர்வுக்கே வராதவருக்கும், காப்பி அடித்துப் பிடிபட்டவருக்கும் அந்த ஆண்டு ஈடு இல்லை.

நூற்றுக்கணக்கான பேருக்கு இதைக் கையால் பார்க்க முடியாது. எக்செலில் எப்படிப் போடுவது?

B முதல் E வரை எழுத்துத் தேர்வு, F-இல் புராஜெக்ட் என்றால் இந்த ஒரு வரி போதும். P என்றால் நேரான தேர்ச்சி, C என்றால் ஈடுகட்டிய தேர்ச்சி, RA என்றால் மறுபடி எழுத வேண்டும்.

```
=IF(COUNT(B2:F2)<5,"RA",IF(MIN(B2:F2)>=40,"P",IF(AND(F2>=40,MIN(B2:E2)>=35,COUNTIF(B2:E2,"<40")=1,SUM(B2:E2)>=180),"C","RA")))
```

முதலில் இருக்கும் `COUNT`-ஐ யாரும் தேவையில்லை என்று எடுத்துவிடாதீர்கள். வராதவருக்கு AB என்று தட்டச்சு செய்திருப்பார்கள். `MIN` எழுத்தைக் கண்டுகொள்ளாது. அந்தக் கட்டத்தைத் தாண்டிப்போய் மற்ற நான்கில் குறைந்ததைக் கொடுக்கும். தேர்வே எழுதாத மாணவர் P என்று பட்டியலில் நிற்பார். இன்னொன்று, தசமம் காட்டாதபடி அமைத்த கட்டத்தில் 39.5 என்ற மார்க் திரையில் 40 என்று தெரியும், சூத்திரம் அதை 39.5 ஆகவே எடுக்கும். மார்க்கை முழு எண்ணாக்கும் வேலையை இந்த வரிக்கு முன்பே ஒரே விதமாக முடித்துவிடுங்கள்.

மேலே சொன்ன இருவரையும் இதில் போட்டுப் பாருங்கள். 36, 41, 43, 40 வாங்கியவரின் கூட்டல் 160, 180-க்குக் கீழே, எனவே RA. 36, 47, 51, 49 வாங்கியவரின் கூட்டல் 183, எனவே C.

விதியைக் கொண்டுவருவதற்கு முன் அது சரியாக வேலை செய்யுமா என்று எப்படிப் பார்ப்பது?

போன மூன்று ஆண்டுகளின் முடிவுகளில் இந்த வரியை ஓட்டுங்கள். C என்று வந்த ஒவ்வொருவரையும் தனியாக எடுங்கள். முதலில், அவர்கள் எந்தப் பேப்பரில் குறைந்தார்கள் என்று எண்ணுங்கள். பாதிப் பேர் ஒரே பேப்பரில் குறைந்திருந்தால் கோளாறு அந்தப் பேப்பரில் இருக்கிறது. கேள்வித்தாளோ, நடத்தியதோ, திருத்தியதோ ஏதோ ஒன்று. ஈடுகட்டும் விதி அதை மூடி மறைத்துவிடும், அது நடக்கக் கூடாது.

அடுத்து, அவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று பாருங்கள். விதி இல்லாத காலத்தில் இவர்கள் அந்த அரியரை எழுதியிருப்பார்களே. முதல் முயற்சியிலேயே பெரும்பாலோர் தாண்டியிருந்தால், விதி தேர்ந்தெடுக்கும் ஆட்கள் சரியானவர்கள் என்று பொருள். பலர் இரண்டு மூன்று முறை எழுதியிருந்தால் கீழ் எல்லை தாழ்வாக இருக்கிறது, 36-க்கோ 37-க்கோ ஏற்றிப் பாருங்கள்.

34 வாங்கியவர் அழுதுகொண்டு வருவாரே? ஒரு மார்க்கில் போய்விட்டது என்பார்.

வருவார். முன்பு 39 வாங்கியவர் வந்தது போல. எங்கே கோடு போட்டாலும் அதற்கு ஒன்று கீழே ஒருவர் நிற்பார், அதை எந்த விதியாலும் தவிர்க்க முடியாது. அவருக்காகச் செய்யக் கூடியது, முடிவு அறிவிக்கும் முன்பே 33, 34 வாங்கி மற்ற நிபந்தனைகள் எல்லாம் சரியாக உள்ள விடைத்தாள்களை இன்னொரு ஆசிரியர் முழுதாகத் திருத்தும்படி செய்வது. அவர் பணம் கட்டி ரீவேல்யூவேஷன் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். எண்ணிக்கை குறைவுதான், ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அதன்பிறகும் 34 என்றால் அது 34 தான். பாஸிங் போர்டு அதை 35 ஆக்கக் கூடாது.

மார்க் ஷீட்டில் என்ன போடுவது?

37 என்று போட்டு, பக்கத்தில் C என்று போட்டு, அடியில் ஒரு வரியில் அதன் பொருளை எழுதுங்கள். அந்தக் குறியைப் பார்த்து வேலை கொடுப்பவர் தவறாக நினைப்பார், மறைத்துவிடுங்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் 37-ஐ 40 என்று அச்சடித்தால் நாம் மறுபடி கிரேஸ் மார்க்குக்கே போய்விடுகிறோம். அதைவிட, C வாங்கியவருக்கும் பட்டமும் வகுப்பும் மற்றவர்களுக்கு உள்ளபடியே உண்டு என்று அந்த அடிக்குறிப்பில் தெளிவாக எழுதிவிடுங்கள். 37-ஐ 37 ஆகவே சேர்த்து மொத்த சதவீதம் போடுங்கள்.

இந்த ஆண்டே ஆரம்பிக்கலாமா?

அடுத்து சேரும் மாணவர்களிலிருந்து ஆரம்பியுங்கள். கல்விக் குழுவில் நிறைவேற்றி, சேர்க்கைக் கையேட்டில் அச்சடித்து, முதல் வாரமே வகுப்பில் ஒரு உதாரணக் கணக்கோடு சொல்லிக் கொடுங்கள். முடிவுகள் கையில் வந்த பிறகு கூடி உட்கார்ந்து விதி எழுதினால், யாருடைய பெயரை நினைத்து 35 என்று எழுதினீர்கள் என்று யாராவது கேட்பார்கள்.